இரட்டைப்படையும் ஒற்றைப்படையும் பெருக்கினால் பை எப்படி வருகிறது: வாலிஸ் பெருக்கல், படிப்படியாக

ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஐ 1-ஆல் வகுங்கள். வந்ததை 2/3-ஆல் பெருக்குங்கள். அப்புறம் 4/3, அப்புறம் 4/5, 6/5, 6/7, 8/7, 8/9 என்று போய்க்கொண்டே இருங்கள். மேலே இரட்டைப்படை எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. கீழே ஒற்றைப்படை எண்கள், 1 மட்டும் ஒரு தடவை, மற்றவை இரண்டு தடவை.

```
2   2   4   4   6   6   8   8
- × - × - × - × - × - × - × - × ...  =  π/2
1   3   3   5   5   7   7   9
```

ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ் 1656-இல் வெளியிட்ட 'அரித்மெட்டிகா இன்ஃபினிட்டோரம்' என்ற நூலில் இதைக் கொடுத்தார். வட்டத்தின் வாசமே இல்லாத இடத்தில் பை வந்து நிற்கிறது. இதைப் பார்க்கும் எவருக்கும் இரண்டு கேள்விகள் எழ வேண்டும். முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போனால் ஏன் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது? அந்த எண் ஏன் π/2 ஆக இருக்கிறது? பலர் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். முதல் கேள்விக்குப் பின்னங்களைப் பெருக்கத் தெரிந்தால் போதும். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நுண்கணிதம் வேண்டும். அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

படி 1: முதலில் கையால் போட்டுப் பாருங்கள்

என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளை இந்தப் பாடத்தில் முதல் பத்து நிமிடம் எதையும் நிரூபிக்க விடமாட்டேன். பெருக்கி, ஒவ்வொரு படியிலும் வரும் விடையை வரிசையாக எழுதச் சொல்வேன். இப்படித்தான் வரும்:

```
2/1 வரை :  2.0000
2/3 வரை :  1.3333
4/3 வரை :  1.7778
4/5 வரை :  1.4222
6/5 வரை :  1.7067
6/7 வரை :  1.4629
8/7 வரை :  1.6718
8/9 வரை :  1.4861
```

"சார், இது எங்கேயும் நிற்காது போல, மேலேயும் கீழேயும் குதிக்குது" என்று ஒரு மாணவி சொன்னாள். சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒன்று விட்டு ஒன்றாகப் படித்துப் பாருங்கள். 2, 1.7778, 1.7067, 1.6718 என்ற எண்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன. 1.3333, 1.4222, 1.4629, 1.4861 என்பவை ஏறிக்கொண்டே போகின்றன. ஏறுபவை எதுவும் இறங்குபவற்றைத் தாண்டவில்லை. இந்த இரண்டு வரிசைகள்தான் இனி நமக்கு எல்லாம். π/2 என்பது 1.5708. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

படி 2: இரண்டிரண்டாகக் கட்டுங்கள்

இப்போது பின்னங்களை ஜோடி ஜோடியாகச் சேர்ப்போம். முதல் ஜோடி (2/1)(2/3) = 4/3. அடுத்தது (4/3)(4/5) = 16/15. அதற்கடுத்தது 36/35, அப்புறம் 64/63. பொதுவாக k-ஆவது ஜோடி இது:

```
 2k      2k        4k²              1
---- × ------  =  -------  =  1 + -------
2k-1    2k+1      4k²-1           4k²-1
```

n ஜோடிகள் வரை பெருக்கி வருவதை W_n என்போம். ஒவ்வொரு ஜோடியும் 1-ஐ விடக் கொஞ்சம் பெரியது. அதனால் W_n ஏறிக்கொண்டேதான் போகும். நம் ஏறும் வரிசை இதுதான்.

கடைசிப் பின்னமான 2n/(2n+1)-ஐப் பெருக்காமல், அதற்கு முந்தையதோடு நிறுத்தினால் வருவதை V_n என்போம். V_1 = 2, V_2 = 1.7778, V_3 = 1.7067. நம் இறங்கும் வரிசை. இதையும் சரிபார்த்துவிடுவோம். V_n-இலிருந்து V_(n+1)-க்குப் போக 2n/(2n+1), (2n+2)/(2n+1) என்ற இரண்டு பின்னங்களால் பெருக்க வேண்டும். அதாவது 2n(2n+2)/(2n+1)². தொகுதி 4n²+4n, பகுதி 4n²+4n+1. பகுதி சரியாக ஒன்று கூட. அதனால் இந்தப் பெருக்கி 1-ஐ விடக் குறைவு, V_n இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரே பின்னங்கள்தான். கட்டும் இடத்தை ஒரு பின்னம் தள்ளி வைத்தோம், ஏறுவது இறங்குவதாக மாறிவிட்டது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்க முடியும் என்றால் இது நிற்கட்டும்.

படி 3: ஏன் ஒருங்குகிறது

இனி வேலை சுலபம். W_n ஏறுகிறது. V_n இறங்குகிறது. V_n எப்போதும் W_n-ஐ விடப் பெரியது, ஏனென்றால் V_n-ஐ 1-ஐ விடச் சிறிய 2n/(2n+1)-ஆல் பெருக்கினால்தான் W_n வரும். ஆகவே எந்த W_n-உம் V_1-ஐ, அதாவது 2-ஐத் தாண்டாது. ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஒரு கூரையைத் தாண்டாத எண் வரிசை ஓர் எல்லையை நெருங்கியே தீரும். மெய்யெண்களின் அடிப்படைப் பண்பு அது. அதே மாதிரி இறங்கும் வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு.

இரண்டு எல்லைகளும் ஒன்றுதானா? இடைவெளியைக் கணக்கிடுவோம்.

```
V_n − W_n = W_n × (2n+1)/(2n) − W_n = W_n/(2n) < 2/(2n) = 1/n
```

n பெரிதாகப் பெரிதாக இது பூஜ்யத்துக்குப் போகிறது. எனவே இரண்டும் ஒரே எண்ணில்தான் சந்திக்கின்றன. ஒருங்குதல் நிரூபணமாகிவிட்டது. இதுவரை தொகையிடலோ மடக்கையோ எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. முடிவிலிப் பெருக்கல் எதைப் பார்த்தாலும் பயன்படும் வழி என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1+a என்ற வடிவில் பல எண்களைப் பெருக்கும்போது, a எல்லாமே நேர்க்குறி எண்களாக இருந்தால், அந்த a-களைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை ஒருங்கினால் பெருக்கலும் ஒருங்கும். கூட்டுத்தொகை விரிந்தால் பெருக்கலும் விரியும். ஒருங்குவதற்குக் காரணம், 1+a என்பது ஒருபோதும் e^a-ஐத் தாண்டாது. எல்லாவற்றையும் பெருக்கினால் விடை, e-இன் அடுக்கில் கூட்டுத்தொகையைப் போட்டால் வருவதைத் தாண்டாது.

நம் ஜோடிகளில் a என்பது 1/3, 1/15, 1/35, 1/63 என்று போகிறது. இதைக் கூட்டுவது அருமையாக இருக்கும்:

```
   1        1     1        1
-------  =  - × (------ − ------)
4k²−1       2     2k−1     2k+1
```

1/3 என்பது (1 − 1/3)-இல் பாதி. 1/15 என்பது (1/3 − 1/5)-இல் பாதி. கூட்டும்போது நடுவில் இருப்பதெல்லாம் அடிபட்டு, முடிவில் 1/2 மட்டும் மிஞ்சும். ஆகவே W_n எவ்வளவு போனாலும் √e-ஐ, அதாவது 1.6487-ஐத் தாண்டாது. உண்மையான எல்லை 1.5708. கூரை நன்றாகவே நெருங்கிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "பெருக்கும் எண்கள் 1-ஐ நெருங்குகின்றன, அதனால் பெருக்கல் ஒருங்கும்" என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் நிறையப் பேர். அது போதாது. 1-ஐ விடப் பெரியதாக இருந்து விடையை ஏற்றும் பின்னங்களை ஏறும் பின்னங்கள் என்போம், அவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 2/1, 4/3, 6/5, 8/7. இவையும் 1-ஐ நெருங்குகின்றன. ஆனால் இங்கே a என்பது 1, 1/3, 1/5, 1/7. இதன் கூட்டுத்தொகைக்கு எல்லையே கிடையாது. அதனால் (2/1)(4/3)(6/5)... எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகும். 1-ஐ விடச் சிறியதாக இருந்து விடையை இறக்கும் பின்னங்களை, அதாவது இறங்கும் பின்னங்களை மட்டும் பெருக்கினால், (2/3)(4/5)(6/7)..., அது பூஜ்யத்துக்குச் சரிந்துவிடும். பூஜ்யத்துக்குப் போகும் பெருக்கலை ஒருங்குவதாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்று முடிவிலிக்கு, இன்னொன்று பூஜ்யத்துக்கு. ஒன்றை ஒன்று பிடித்து இழுப்பதால்தான் நடுவில் ஒரு நல்ல எண் கிடைக்கிறது.

படி 4: அந்த எண் ஏன் π/2

இதுவரை நமக்குத் தெரிந்தது எல்லை 1.4861-க்கும் 1.6718-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதுதான். அதற்குப் பெயர் வைக்க வட்டத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். சைன் அதைச் செய்யும். சைனின் அடுக்குகளை 0 முதல் π/2 வரை தொகையிடுவோம்.

```
I_n = ∫ sinⁿx dx   (x = 0 முதல் π/2 வரை)
```

I_0 என்பது 1-ஐத் தொகையிடுவது, அதாவது இடைவெளியின் நீளமேதான்: π/2. I_1 என்பது சைனையே தொகையிடுவது, விடை 1. பை உள்ளே வந்த இடத்தைக் கவனியுங்கள். இரட்டைப்படை அடுக்குகளின் தொடக்கத்தில் π/2 இருக்கிறது. ஒற்றைப்படை அடுக்குகளின் தொடக்கத்தில் வெறும் 1 இருக்கிறது. இந்த வேறுபாடுதான் கடைசியில் விடையாக வரப்போகிறது.

அடுத்தது குறைப்புச் சூத்திரம். பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லியிருப்பீர்கள். எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம். sinⁿx-ஐ sinⁿ⁻¹x × sin x என்று பிரித்துப் பகுதித் தொகையிடல் செய்யுங்கள். வெளியே வரும் −sinⁿ⁻¹x cos x இரண்டு முனைகளிலும் பூஜ்யம்: 0-இல் சைன் பூஜ்யம், π/2-இல் கொசைன் பூஜ்யம். இதற்கு n குறைந்தது 2 ஆக இருக்க வேண்டும். உள்ளே மிஞ்சுவது (n−1) ∫ sinⁿ⁻²x cos²x dx. இங்கே cos²x-க்குப் பதில் 1 − sin²x போடுங்கள்:

```
I_n = (n−1) I_(n−2) − (n−1) I_n
n I_n = (n−1) I_(n−2)
I_n = (n−1)/n × I_(n−2)
```

ஒரு தடவைக்கு இரண்டிரண்டு படியாக இறங்குகிறது. இரட்டைப்படையில் தொடங்கினால் I_0-இல் முடியும், ஒற்றைப்படையில் தொடங்கினால் I_1-இல் முடியும்:

```
I_(2n)   = (1/2)(3/4)(5/6)...((2n−1)/(2n)) × π/2
I_(2n+1) = (2/3)(4/5)(6/7)...((2n)/(2n+1)) × 1
```

இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். முதலாவதில் இருக்கும் பின்னங்கள் தலைகீழாகி 2/1, 4/3, 6/5 என்று ஆகும். அவற்றோடு 2/3, 4/5, 6/7 சேரும். அதுதான் W_n!

```
I_(2n+1)/I_(2n) = W_n ÷ (π/2)
```

ஆக, W_n-க்கும் π/2-க்கும் உள்ள விகிதம் அடுத்தடுத்த இரண்டு தொகைகளின் விகிதம்தான். அது 1-ஐ நெருங்குகிறது என்று காட்டினால் வேலை முடிந்தது. 0-க்கும் π/2-க்கும் நடுவில் சைன் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறது. அப்படிப்பட்ட எண்ணை இன்னொரு தடவை அதனாலேயே பெருக்கினால் குறையும். அதனால் அடுக்கு கூடக் கூடத் தொகை குறைகிறது:

```
I_(2n+2) < I_(2n+1) < I_(2n)
```

எல்லாவற்றையும் I_(2n)-ஆல் வகுத்தால், குறைப்புச் சூத்திரத்தின்படி இடது பக்கம் (2n+1)/(2n+2):

```
(2n+1)/(2n+2) < W_n ÷ (π/2) < 1
```

இடது பக்கமும் 1-க்குப் போகிறது. நடுவில் மாட்டிக்கொண்டதும் 1-க்குத்தான் போக வேண்டும். W_n-இன் எல்லை π/2.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இது உடம்பில் ஒட்டும். n = 2 எடுத்துக்கொள்வோம். I_4 = (3/4)(1/2)(π/2) = 3π/16. I_5 = (4/5)(2/3) = 8/15. I_6 = (5/6) × 3π/16 = 5π/32. வரிசைப்படி 5π/32 < 8/15 < 3π/16. வலது பக்கச் சமனின்மையிலிருந்து π > 128/45 = 2.8444. இடது பக்கத்திலிருந்து π < 256/75 = 3.4133. இவை வேறு ஒன்றும் இல்லை, படி 1-இல் நாம் எழுதிய 1.4222, 1.7067 இரண்டின் இருமடங்குதான். கால்குலேட்டரில் குதித்த எண்களும் இந்தத் தொகைகளும் ஒரே பொருள்.

வாலிஸ் இதை எப்படிக் கண்டார்

நாம் பார்த்தது பிற்காலத்து வழி. வாலிஸ் இந்த நூலை வெளியிட்ட ஆண்டில் நியூட்டனுக்கு 13 வயதுதான், நுண்கணிதம் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அவர் செய்ததும் இதே நெருக்கல்தான். அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

கால் வட்டத்தின் பரப்பைத்தான் அவர் தேடினார். வளைகோடுகள் பலவற்றின் பரப்புகளை ஓர் அட்டவணையாக எழுதினார். அடுக்குகள் முழு எண்களாக இருக்கும் கட்டங்களில் விடைகள் தெரிந்தன. வட்டத்துக்கான கட்டம் அவற்றுக்கு நடுவே, அரை என்ற அடுக்கில் இருந்தது. தெரியாத அந்த எண்ணுக்கு ஒரு சிறு சதுரத்தைக் குறியாக வைத்தார். இன்றைய எழுத்தில் அது 4/π. வட்டத்தின் கட்டம் இருக்கும் வரிசை இப்படி வருகிறது:

```
1,  □,  3/2,  (4/3)□,  15/8,  (8/5)□, ...
```

ஒன்று விட்டு ஒன்று தெரிந்த எண், நடுவில் உள்ளவை சதுரத்தின் மடங்குகள். இந்த வரிசை சீராக ஏறுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படியானால் (4/3)□ < 15/8, அதாவது □ < 45/32. 15/8 < (8/5)□, அதாவது □ > 75/64. □-க்குப் பதில் 4/π போட்டுப் பாருங்கள். π/2 என்பது 64/45-க்கும் 128/75-க்கும் நடுவில். நாம் மேலே பெற்ற அதே 1.4222, அதே 1.7067. சீராக ஏறுகிறது என்பதை அவர் நம்பினார். அதற்குச் சைன் தொகைகள் ஒவ்வொன்றாகக் குறைவதை நாம் ஆதாரமாகக் காட்டுகிறோம்.

படி 5: எவ்வளவு வேகம், கணினியில் எங்கே கெடும்

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், பையைக் கணக்கிட இது நல்ல வழி இல்லை. ஜோடிகள் 10 என்றால் 2W_n = 3.0677. 100 என்றால் 3.1338. 1000 என்றால் 3.1408. பிழை ஏறத்தாழ π/(4n). ஒரு தசம இடம் கூடுதலாக வேண்டும் என்றால் பத்து மடங்கு வேலை. 3.14-ஐத் தொடவே சுமார் 490 ஜோடிகள் ஆகும்.

ஆனால் பிழையின் வடிவம் தெரிந்ததால் அதைத் திருத்த முடியும். உண்மை எல்லை W_n-க்கும் V_n-க்கும் ஏறக்குறைய நட்ட நடுவில் இருக்கிறது. ஆகவே இரண்டின் சராசரியை எடுங்கள். அது W_n-ஐ 1 + 1/(4n)-ஆல் பெருக்குவதுதான். 10 ஜோடிகளில் 3.0677 என்று இருந்தது 3.1444 ஆகும். 1000 ஜோடிகளில் 3.1415929 வரும். பிழை இப்போது n²-க்கு ஏற்பக் குறைகிறது.

```python
n = 1000
w = 1.0
for k in range(1, n + 1):
    w *= 4*k*k / (4*k*k - 1)
print(2*w)
print(2*w*(1 + 1/(4*n)))
```

இதில் ஒவ்வொரு ஜோடியையும் முதலில் வகுத்துவிட்டுத்தான் பெருக்குகிறோம். அதைத் தற்செயலாகச் செய்யவில்லை. மேலே உள்ளதெல்லாம் தனியாக, கீழே உள்ளதெல்லாம் தனியாகப் பெருக்கி, கடைசியில் ஒரு தடவை வகுக்கலாமே என்று தோன்றும்:

```python
a = b = 1.0
for k in range(1, 87):
    a *= 4*k*k
    b *= 4*k*k - 1
print(a / b)
```

86 ஜோடிகளுக்கு இது `nan` என்று காட்டும். 85 வரை ஒழுங்காக ஓடும். அங்கே `a` ஏறத்தாழ 1.19 × 10³⁰⁸. தசம எண்ணுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம் 1.8 × 10³⁰⁸-ஓடு முடிந்துவிடுகிறது. அடுத்த பெருக்கலில் இரண்டுமே `inf` ஆகும், `inf`-ஐ `inf`-ஆல் வகுத்தால் எண்ணே இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது. `nan` என்ற சொல்லைப் பார்த்தால் தொகுதியும் பகுதியும் தனித்தனியாக ஓடிவிட்டன என்று புரிந்துகொள்ளுங்கள். ஏறும் பின்னங்களையும் இறங்கும் பின்னங்களையும் பிரிக்கக் கூடாது என்று படி 3-இல் பார்த்தோமே, மேலையும் கீழையும் பிரித்தாலும் கணினியில் அதே கதிதான்.

படி 6: வரிசையை மாற்றினால் விடை மாறும்

பெருக்கலில் வரிசை முக்கியம் இல்லை என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்ந்திருக்கிறோம். முடிவுள்ள பெருக்கலில் அது உண்மை. இங்கே அது உடைகிறது.

அதே பின்னங்கள்தான், ஒன்றும் விடவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் ஏறும் பின்னம் இரண்டு, இறங்கும் பின்னம் ஒன்று என்ற கணக்கில் எடுத்துப் பெருக்குவோம்:

```
(2/1)(4/3)(2/3) × (6/5)(8/7)(4/5) × (10/9)(12/11)(6/7) × ...
```

மூன்று மூன்றாக முடிக்கும்போது வருவது 1.7778, 1.9505, 2.0265. நம் பழைய கூரையான 2-ஐயே தாண்டிவிட்டது! ஆயிரம் கட்டங்கள் போனால் 2.2207. இது எங்கே போகிறது என்று சரியாகச் சொல்ல முடியும்.

ஏறும் பின்னங்களில் முதல் n-ஐப் பெருக்கி வருவதை P_n என்றும், இறங்கும் பின்னங்களில் முதல் n-ஐப் பெருக்கி வருவதை Q_n என்றும் வைப்போம். P_n × Q_n = W_n. வகுத்தால், P_n ÷ Q_n என்பது (3/1)(5/3)(7/5)... என்று அடிபட்டு 2n+1 மட்டும் மிஞ்சும். இரண்டையும் பெருக்கினால்:

```
P_n² = W_n × (2n+1)
```

W_n π/2-ஐ நெருங்குவதால் P_n ஏறத்தாழ √(πn) ஆக வளர்கிறது. ஒரு சின்ன விலகல், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாணயத்தை 2n தடவை சுண்டினால் சரியாகப் பாதி தலையாக விழும் வாய்ப்பு 1/P_n. 100 தடவை சுண்டினால் சூத்திரம் 1/√(50π) = 0.0798 என்கிறது, சரியான விடை 0.0796. நாணயம் சுண்டுவதில் பை ஏன் வருகிறது என்று யாராவது கேட்டால் வாலிஸ் பெருக்கலைக் காட்டுங்கள்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். புதிய வரிசையில் N கட்டங்கள் முடிந்தால், ஏறும் பின்னங்கள் 2N, இறங்கும் பின்னங்கள் N. அதாவது P_(2N) × Q_N. இதை எழுதும் விதத்தை மாற்றுவோம்:

```
P_(2N) × Q_N = W_N × P_(2N)/P_N
```

W_N என்பது π/2-க்குப் போகிறது. P_(2N)/P_N என்பது √(2πN)/√(πN), அதாவது √2-க்குப் போகிறது. எனவே எல்லை (π/2) × √2 = π/√2 = 2.2214.

படி 2-இல் செய்ததுபோல ஜோடிகளாகக் கட்டிவிட்டால் இந்த ஆபத்து இல்லை. 4/3, 16/15, 36/35 என்ற ஜோடிகளை எந்த வரிசையில் கலைத்துப் போட்டாலும் π/2-தான் வரும், ஏனென்றால் அவற்றின் a-களின் கூட்டுத்தொகை 1/2-இல் அடங்குகிறது, நேர்க்குறி எண்களைக் கூட்டும்போது வரிசை பொருட்டே இல்லை. ஜோடியை உடைத்த பிறகுதான் வரிசை விடையை ஆள ஆரம்பிக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்பதை மூன்றுக்கு ஒன்று என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், √2 இருந்த இடத்தில் √3 வரும். ஒன்றுக்கு இரண்டு என்று திருப்பினால் π/2-ஐ √2-ஆல் வகுத்த 1.1107 வரும்.